கீழ்பவானி வாய்க்காலும் கான்கிரீட்டும்: நெறியாளர் கையில் வைத்திருக்க வேண்டிய தாள்

இடம்: கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், கோபி. மதியம் 2:30 முதல் 3:45 வரை. மேடையில் நான்கு பேர்: முத்தூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயி, வாய்க்காலுக்குக் கீழே கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயி (அம்மா), ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், நிலத்தடி நீர் படிப்பிக்கும் பேராசிரியர். விவசாயிகள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவும். எதிரெதிர் முனையில் உட்கார்ந்தால் பட்டிமன்றமாகிவிடும்.

தொடக்கம் (2 நிமிடம்)

"வணக்கமுங்க. 1955-ல கட்டி முடிச்ச பவானிசாகர் அணையிலிருந்து ஓடுற வாய்க்கால் இது. சுமார் 200 கிலோமீட்டர் நீளம், ஈரோடு, திருப்பூர், கரூர்னு மூணு மாவட்டம், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. இந்த மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா வேண்டாமாங்கறதுதான் பேச்சு. கசிவு நின்னா கடைமடைக்குத் தண்ணி சேரும்ங்கறது ஒரு பக்கம், கசிவு நின்னா கிணறு வத்தும்ங்கறது இன்னொரு பக்கம். இன்னைக்குத் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. ஒரே தண்ணியை நாலு பேர் நாலு இடத்திலிருந்து எப்படிப் பாக்கறாங்கன்னு கேக்கப் போறோம்."

முதல் சுற்று (ஆளுக்கு 3 நிமிடம்)

நால்வருக்கும் ஒரே கேள்வி, கருத்து கேட்காமல்: "போன போகத்துல உங்க இடத்துல தண்ணி எப்படி வந்தது, எந்த இடத்துல குறைஞ்சது? பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

அம்மாவிடம் முதலில் கேட்கவும், பொறியாளரிடம் கடைசியில். கணக்குத் தெரிந்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் கணக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே நேரம் போய்விடும். 2½ நிமிடத்தில் மஞ்சள் அட்டை காட்டவும்.

இரண்டாம் சுற்று (25 நிமிடம்)

கடைமடை ஐயாவிடம்: "தண்ணி உங்க மதகுக்கு வந்து சேராததுக்கு மண்ணுல ஊறிப்போறது எவ்வளவு காரணம், மேல முறைகேடா எடுக்கறது எவ்வளவு காரணம்? கான்கிரீட் போட்டா இதுல எது சரியாகும், எது சரியாகாது?"

அம்மாவிடம்: "உங்க கிணத்துக்கு ஊறி வர்றதுல வாய்க்கால் பங்கு எவ்வளவு, மழைப் பங்கு எவ்வளவு? தண்ணி நிறுத்தினதுக்கப்புறம் எத்தனை நாள்ல மட்டம் இறங்குதுங்க?" இந்த நாள் கணக்கு ரொம்ப முக்கியம். வாய்க்கால் நின்றதும் கிணறு இறங்கினால் கசிவுதான் ஊற்று என்பதற்கு அது ஒரு அடையாளம். மெதுவாக இறங்கினால் பேராசிரியரிடம் திருப்பவும்.

பொறியாளரிடம்: "கரை உடையற இடம், மதகு, வாய்க்கால் தளம், இந்த மூணுல முதல்ல எதைத் தொடணும்? தளத்தைத் தொடாம மத்த ரெண்டை மட்டும் செஞ்சா எவ்வளவு தூரம் போகும்?"

பேராசிரியரிடம்: "கசிஞ்சு போற தண்ணி வீணா, இன்னொருத்தர் கிணத்துக்குக் கிடைச்ச வரவா? ஒரே தண்ணியை ரெண்டு தடவை எண்ணாம எப்படிங்க கணக்குப் போடறது?"

முதலில் எழுதி அடித்த கேள்வி: "கான்கிரீட் போட்டால் கொங்கு மண் பாலைவனமாகிவிடாதா?" இதைக் கேட்காதே. கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. "கான்கிரீட்டை எதிர்ப்பவர்கள் கடைமடையை வஞ்சிக்கிறார்கள்தானே?" என்பதும் அதே வகை.

திருப்பிப் பேசும் சுற்று (12 நிமிடம்)

"அம்மா, கடைமடை ஐயா என்ன கேக்கறாருன்னு உங்க வாயால சொல்லுங்க. ஐயா, சரியா சொன்னாங்களா?" அவர் "ஆமாங்க" என்ற பிறகே அம்மா பதில் சொல்லலாம். அடுத்து ஐயாவின் முறை. இந்தச் சுற்றை வெட்ட வேண்டாம். நேரம் போதாவிட்டால் மாணவர் கேள்வியில் 5 நிமிடம் குறைக்கலாம்.

பிறகு நால்வருக்கும்: "எந்த அளவீட்டைக் காட்டினா உங்க கருத்தை மாத்திக்குவீங்க?" ஒருவர் "எதுவும் மாத்தாது" என்றால் அதையும் மறுபேச்சின்றி ஏற்று அடுத்தவரிடம் போகவும்.

இழுத்துக்கொண்டு போனால்

முறைத் தண்ணீர் பிரச்சினைக்குள் போய்விட்டால்: "ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு முறை இன்னும் ஒத்துவருதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாய்க்காலுக்குத் திரும்பவும். கட்சிப் பெயர் வந்தால்: "அதைத் தேர்தல் மேடைக்கு விட்டுடலாங்க. வாய்க்கால்ல என்ன மாறணும்?" மேடையில் எல்லோரும் ஒத்துப்போனால், அது அபாயம்: "நீங்க ஒத்துக்கிட்ட தீர்வுல யாருக்கு நஷ்டம்?"

மாணவர் கேள்வி (18 நிமிடம்)

சீட்டில் எழுதி வாங்கவும். ஒரே தரப்புக் கேள்விச் சீட்டு இரண்டு தொடர்ந்து படிக்காதே. ஆளுக்கு ஒரு கேள்வி, பதில் 90 நொடி. வாசல்பக்கம் உட்கார்ந்தவர்களிடமிருந்தும் ஒரு சீட்டாவது எடுக்கவும். முன்வரிசை எப்போதும் ஒரே துறைதான்.

கடைசி, ஆளுக்கு ஒரு வாக்கியம்: "இன்னைக்கு மத்தவங்க சொன்னதுல உங்களுக்குப் புதுசா இருந்தது எது?" கடைமடை ஐயாவிலிருந்து தொடங்கவும்.