மீந்த சாதம், மூன்று பதார்த்தம், 15 நிமிடம்

(திரையின் வலது மூலையில் 15:00. இன்னும் ஓடவில்லை.)

வணக்கம். மதியம் வடித்ததில் மூன்று கப் சாதம் மிச்சம். சூடு ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் இது. காலையிலிருந்து வெளியே கிடந்த சாதத்தில் இதைச் செய்யாதீர்கள். அதில் வளரும் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சரி, கடிகாரத்தை ஓட விடலாம்.

15:00
ஒரு அடுப்பில் அரை கப் பால், இன்னொன்றில் பொரிக்க எண்ணெய். பால் பொங்கியதும் ஒரு கப் சாதத்தில் ஊற்றி, மத்தால் நன்றாக மசித்து ஓரமாக வையுங்கள். இது தயிர் சாதத்துக்கு. ஆற நேரம் வேண்டும், அதனால்தான் முதலில் இது.

12:30
அடுத்தது பக்கோடா. இரண்டாவது கப்பைக் கையால் பிசையுங்கள். நீளவாக்கில் நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, சோம்பு, கறிவேப்பிலை, உப்பு, கடலை மாவு நாலு ஸ்பூன், மொறுமொறுப்புக்கு அரிசி மாவு ஒரு ஸ்பூன். தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். வெங்காயம் விடும் ஈரமே போதும்.

9:30
எண்ணெயில் துளி மாவு போட்டதும் மேலே வந்தால் பதம். கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும், அதிகமானால் வெளியே கருகி உள்ளே மாவு வாசனை நிற்கும்.

8:00
பக்கோடா வேகட்டும். பால் வைத்த அடுப்பில் இப்போது வாணலி. மூன்று ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு. வெடித்ததும் கடலைப் பருப்பு, உளுத்தம் பருப்பு. பருப்பு பொன்னிறமாகும் வரை கை நிற்கக் கூடாது. அப்புறம் வரமிளகாய், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை. இந்த ஒரு தாளிப்பு இரண்டு சாதத்துக்கும். மூன்றில் ஒரு பங்கை இப்போதே கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள், மஞ்சள் தூள் விழுவதற்கு முன்னால்!

5:30
பக்கோடாவை வடித்து எடுத்தாயிற்று. இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

(உடைக்கும்போது மைக் அருகில்)

5:00
வாணலியில் மஞ்சள் தூள், உப்பு, மூன்றாவது கப் சாதம். ஃப்ரிட்ஜ் சாதம் இறுகி உதிரி உதிரியாக இருக்கும், எலுமிச்சை சாதத்துக்கு அதுதான் அழகு. கட்டியை விரலால் உதிர்த்துப் போட்டு, நன்றாகச் சூடேறும் வரை கிளறுங்கள். அடுப்பை அணைத்த பிறகே ஒரு பழத்தின் சாறு. கொதிக்க விட்டால் கசக்கும்.

2:00
பால் சாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முக்கால் கப் புளிக்காத தயிர், உப்பு. எடுத்து வைத்த தாளிப்பை மேலே கொட்டிக் கலக்குங்கள். தளர்வாகவே இருக்கட்டும், போகப் போக இறுகும்.

0:20
எலுமிச்சை சாதத்துக்குப் பக்கோடா, தயிர் சாதத்துக்கு மாவடு.

0:00
தட்டு எடுங்கள், சாப்பிடலாம்.