போனிலேயே விளையாட்டு உருவாக்கும் மன்றம்: அனுமதி கோரும் முன்மொழிவு

அனுப்புநர்: பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)
பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள், அரசு உயர்நிலைப் பள்ளி, மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்

மதிப்பிற்குரிய அம்மா,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 8, 9 ஆம் வகுப்புப் பிள்ளைகளில் இருபது பேரை வைத்து, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு மன்றம் நடத்த அனுமதி வேண்டுகிறேன். போனில் விளையாடுவதற்கு அல்ல, போனிலேயே விளையாட்டைச் செய்வதற்கு.

போன் என்றதும் தங்களுக்கு என்ன தோன்றும் என்பது தெரியும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் மாற்றி வைத்த பழைய போன்கள் பத்து கிடைத்தால் போதும். கண்ணாடி கீறியிருந்தாலும் பரவாயில்லை, தொட்டால் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். பழைய படங்களையும் கணக்குகளையும் அழித்து, சிம் எடுத்துவிட்டு, அலுவலக பீரோவில் பூட்டி வைப்போம். சாவி தங்களிடம்.

ஹைடெக் லேபிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். அங்கே தேர்வும் பயிற்சியும் மாறி மாறி நடக்கின்றன. தவிர, லேபில் கற்றதை வீட்டில் போய்த் தொடரக் கணினி இல்லை. போன் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது.

பயன்படுத்தப்போவது பாக்கெட் கோட் என்ற ஆண்ட்ராய்டு செயலி. ஆஸ்திரியாவில் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கேட்ரோபாட் திட்டத்தில் உருவானது, இலவசம். கட்டளைக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் படம் நகரும், ஒலி வரும், புள்ளி ஏறும். ஒருமுறை என் போன் இணைப்பில் இறக்கிவிட்டால், அப்புறம் இணையம் இல்லாமலே வேலை செய்யலாம்.

என் சொந்த போனில் இரண்டு மூன்று பிள்ளைகளைச் செய்ய வைத்துப் பார்த்தேன். ஒரு சூடை மீனை வரைந்து, `Forever` கட்டைக்குள் `Change x by -10` என்று வைத்தார்கள். மீன் இடப்பக்கம் ஓடி மறைந்தது. "சார், மீனைக் காணோம்!" மீன் எங்கேயும் போகவில்லை. 720 பிக்சல் அகலத் திரையில் நடுவே சுழியம், இடது ஓரம் -360, வலது ஓரம் 360. மீன் -500 ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. x, -400க்குக் கீழே போனால் 400இல் கொண்டுபோய் வை என்று அவர்களே ஒரு நிபந்தனை சேர்த்ததும் மீன் வலப்பக்கமிருந்து மறுபடி வந்தது. கரும்பலகையில் -500 பெரியதா, -360 பெரியதா என்றால் திணறும் அதே பிள்ளைகள் இவர்கள். இந்த மன்றத்தை நான் கேட்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

முதல் இரண்டு வாரம் போனைத் தொடப் போவதில்லை. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம் விளையாடி, ஒரு விதியை மாற்றினால் ஆட்டம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். (ஆடுபுலியில் ஒரு புலியைக் குறைத்தால் ஆடு ஜெயிக்குமா என்பதில் ஆசிரியர் அறையிலேயே சண்டை வரும்.) மூன்றாம் வாரம் முதல் இருவருக்கு ஒரு போன். கருப்பொருளுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. போனைச் சாய்த்தால் வல்லம் திரும்பும் ஆட்டம் செய்யலாம். அறுந்து மிதக்கும் வலையில் சிக்காமல் ஆவுளியாவைப் புல் மேயும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போனால் புள்ளி குறையும் என்று வைக்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளைகள், ஆட்டத்தில் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் என்றால் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இருபதில் பத்து இடம் பெண்பிள்ளைகளுக்கு. வீட்டில் போன் முதலில் அண்ணன் கைக்குத்தான் போகிறது, இங்கேயாவது அப்படி நடக்க வேண்டாம்.

பிள்ளைகளின் முகமோ பெயரோ எந்த ஆட்டத்திலும் வராது. எதையும் இணையத்தில் ஏற்ற மாட்டோம். அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு நிறுத்திவிடுவோம். செலவு என்று பார்த்தால் சார்ஜ் போட ஒரு நீள ப்ளக் பலகையும் நான்கைந்து கேபிளும், அறுநூறு ரூபாய்க்குள் முடியும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்களிடம் கேட்பவை மூன்று: வெள்ளி கடைசிப் பாடவேளைக்கு 9 ஆம் வகுப்பு அறை, பீரோவில் ஒரு தட்டு, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பழைய போன் கேட்டுப் பேச எனக்குப் பத்து நிமிடம். பெற்றோர் ஒப்புதல் படிவத்தை எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். அதில் மாற்ற வேண்டியது இருந்தால் தாங்களே திருத்திக் கொடுத்தாலும் சரி.

தங்கள் உண்மையுள்ள,
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)

இணைப்பு: பெற்றோர் ஒப்புதல் படிவம்