கயல்விழி அப்பாவுக்கு, முகூர்த்த நாள் காலையில்

சண்முகம்,

மணி நாலேகால். கீழே சமையல்கட்டில் இருக்கிறேன், வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். நேரில் சொல்லலாம் என்றால் பாதியில் யாராவது "பூ வந்திருச்சா?" என்று உன்னை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வாட்ஸ்அப். வேட்டி கட்டுவதற்கு முன்னால் படித்துவிடு.

முதலில் வாழ்த்து. நம்ம கயலும் மாப்பிள்ளையும் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி நன்றாக இருக்கட்டும். 'பதினாறும் பெற்று' என்று பத்திரிகையில் போட்டிருக்கிறாய். அது செல்வக் கணக்கு. பேரப்பிள்ளைக் கணக்கை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அப்புறம் உனக்கு ஒன்று. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பை எண்ணிக்கொண்டிருந்தாய். மூன்று தடவை எண்ணினாய். 412, 409, 415. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் கவனம் பையில் இல்லை என்று தெரிந்தது, பேசாமல் வந்துவிட்டேன்.

என் பெண் கல்யாணத்தில் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. தாரை வார்க்கிற நேரத்தில், இரண்டாம் பந்திக்குச் சாம்பார் பற்றுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். தண்ணீர் விழுந்தது, முடிந்துபோச்சு. அவள் கை என் கையில் இருந்ததே நினைவில்லை. பிறகு வீடியோவில் பார்த்தால், நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாச்சு. சாம்பார் மிச்சமாகி அண்டாவோடு கொடுத்தனுப்பினோம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ அப்படிச் செய்யாதே. பந்தி, பால், வாழையிலை, ஜெனரேட்டர், வேன் டிரைவர்கள் சாப்பாடு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை இல்லாத காபி, எல்லாம் என் பாடு. யாராவது முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் என்னிடம் அனுப்பு. நான் பேசிக்கொள்கிறேன்.

ஹரித்ராநதியைச் சுற்றி நாம் நடக்கப் போகும்போது கயலும் கூட வருவாளே, ஐந்து வயசிருக்கும். ஒரு கையில் உன் சுண்டுவிரல், இன்னொரு கையில் என் சுண்டுவிரல். "இன்னும் எத்தனை கரை?" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பாள். கீழ்க்கரை வரும்போது கால் வலிக்கிறது என்று உன் தோளில் ஏறிவிடுவாள். என்னிடம் ஒரு நாளும் ஏறியதில்லை, கழுதை.

தங்கச்சி செம்பிலிருந்து தண்ணீர் விடும்போது அவசரமே வேண்டாம் என்று சொல். கெட்டிமேளக்காரர் காத்திருப்பார், நான் சொல்லிவைத்திருக்கிறேன். ஏழரையிலிருந்து ஒன்பது வரை முகூர்த்தம், நேரம் தாராளமாக இருக்கிறது. அழுகை வந்தால் அழு. துண்டு தோளில்தான் இருக்கும்.

காபி மேலே வருகிறது. கொண்டுவருகிற பையனிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தனுப்பு.

ராமநாதன்