எம் பொண்ணோட கபடி கோச்: ரெண்டு வருஷம் பாத்துட்டு எழுதுறேன்

தஞ்சாவூர் பக்கம் நிறைய அம்மாக்கள் கேக்குறாங்க, அந்த கேர்ள்ஸ் கபடி கோச்சிங்குக்கு புள்ளைய அனுப்பலாமா, சார் எப்படின்னு. போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். சார் பேரு, ஸ்கூல் பேரு போடல, அனுப்புறவங்களுக்கு யாருன்னு தெரியும். எம் பொண்ணு இப்ப ஒன்பதாவது, ஏழாவது லீவுல சேத்தோம், ரெண்டு வருஷம் ஆச்சு. நானும் காலேஜ்ல ரைட் கவர் ஆடுனவ தான், மூணாவது வருஷம் முட்டி ஜவ்வு கிழிஞ்சு நின்னுபோச்சு, அதனால கிரவுண்டுக்குப் போனா என் கண்ணு மொதல்ல புள்ளைங்க முட்டியத் தான் பாக்கும், ஸ்கோர அப்புறம் தான் பாக்கும்.

மொதல்ல சொல்லிக்குடுக்குற விஷயம். இதுல நான் பாத்த கோச்சுங்கள்ல இவரு தான் பெஸ்ட், யோசிக்காம சொல்லுவேன். எங்க காலத்துல சேந்த அன்னைக்கே உள்ள எறக்கி விட்டு பிடி பிடின்னு கத்துவாங்க, நாங்களும் கண்ண மூடிட்டு பாயுவோம். இவரு மொத மூணு வாரம் யாரையும் பிடிக்கவே விடல. விழறதுக்கு தான் பழக்குனாரு. தோள்பட்டைய குடுத்து உருளணும், கைய ஊணக்கூடாது, தாடை நெஞ்சுல ஒட்டிருக்கணும், இதையே நூறு தடவை. எம் பொண்ணு வீட்டுக்கு வந்து "இது கபடியாம்மா, சர்க்கஸா"ன்னு அழுதுச்சு. ஆனா ரெண்டு வருஷத்துல அந்தக் கிரவுண்ட்ல ஒரு புள்ளைக்கும் மணிக்கட்டு ஒடையல, எங்க டீம்ல நாலு பேருக்கு ஒடஞ்சிருக்கு.

கணுக்கால் பிடி சொல்லிக்குடுக்குறத ஒருநாள் பக்கத்துல உக்காந்து பாத்தேன். லெப்ட் கார்னர்ல ஒரு சின்னப் பொண்ணு, ஆறாவது இருக்கும், பாடி வர்றவ கால நீட்டி டச் எடுக்க வரும்போதே பாஞ்சுடுது, மூணு தடவையும் அப்படியே வழுக்கிட்டுப் போச்சு. சார் கத்தல. கிட்ட போய் உக்காந்து ஒரு குச்சியால மண்ணுல கோடு போட்டாரு, "அவ கால் உள்ள வரும்போது வெயிட்டு பின்னங்கால்ல இருக்கு, எப்ப வேணா இழுத்துக்குவா, திரும்பி நடுக்கோட்டுக்குப் போக கால எடுத்து வைக்குறா பாரு, அந்த நிமிஷம் தான் உனக்கு"ன்னாரு. அப்புறம் தலை எங்க இருக்கணும்னு அவரே செஞ்சு காமிச்சாரு, கணுக்காலப் பிடிக்கும்போது தலை அவ காலுக்கு வெளிப்பக்கம், நெஞ்சு அவ காலோட ஒட்டி, தலைய உள்ள குடுத்தா அவ முட்டி நேரா உன் பொட்டுலயோ தாடையிலயோ தான் வந்து விழும்னு. நாலாவது தடவை அந்தப் புள்ள காத்திருந்து பிடிச்சது. பிடிச்சிட்டு விடவே இல்ல, ரெண்டு கையும் கோத்துக்கிட்டு கண்ண இறுக்கி மூடிட்டு அப்படியே கெடந்துச்சு, விசில் அடிச்சும் விடல. எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ரெண்டு பேரு கையப் பிடிச்சு செயின் போடும்போதும் அப்படித்தான், விரல கோத்துப் பிடிக்கவே விடமாட்டாரு, மணிக்கட்டு தான், விரலக் கோத்தா இழுக்குற இழுப்புல போயிடும்னு. ரைடுல கொஞ்சம் பழைய ஆளு, டச் எடுத்துட்டு ஓடிவான்னு சொல்லுவாரு, போனஸ் எடுக்கப் பழக்குறது கம்மி. உள்ள ஆறு பேரோ அதுக்கு மேலயோ நிக்கும்போது பின்னங்கால தூக்கிட்டு போனஸ் கோட்டத் தாண்டுனா சும்மா கெடைக்குற பாயிண்ட் அது, நம்ம புள்ளைங்க அத விட்டுட்டு வருதுங்க. ரைடோட 30 செகண்ட் முடியுற நேரத்துல பதட்டப்படுறதும் அதனால தான். சொல்லிருக்கேன், பாக்கலாம்.

மேட் பிரச்சனை ஒண்ணு இருக்கு. நாம பழகுறது மண்ணு, கொத்தி கல்லு பொறுக்கி தண்ணி தெளிச்சு வெறுங்கால்ல. டோர்னமெண்ட்டுக்குப் போனா மேட் விரிச்சிருப்பாங்க, ஷூ போடணும், கால் திரும்புறதே வேற மாதிரி, முட்டிக்கு அங்க தான் ஆபத்து. மாசம் ஒரு ஞாயித்துக்கெழம திருச்சிக்கு மேட் கிரவுண்டுக்கு கூட்டிட்டுப் போறாரு, வேன் காசு நாம தான் குடுக்கணும், அத மட்டும் கஞ்சப்படாதீங்க.

இப்ப செலக்‌ஷன். இதுல தான் ஊர்ல ரெண்டு விதமா பேச்சு. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். காசு, சாதி, பெரிய எடத்து சிபாரிசு எதுவும் இவரு கிட்ட ஓடாது, போன வருஷம் டீமுக்கு டிரஸ் எடுத்துக் குடுத்தவரு தன் அண்ணன் பொண்ண 12 பேருல சேக்கச் சொன்னாரு, சார் "டிரஸ்ஸ திருப்பி எடுத்துக்கங்கண்ணே"ன்னு சொல்லிட்டாரு, நான் அங்க தான் நின்னேன். மூணு ட்ரையல் மேட்ச் வெச்சு நோட்டுல எழுதுறாரு, எத்தன ரைடு, எத்தன டச், எத்தன பிடி முயற்சி, எத்தன சக்ஸஸ். யாரு கேட்டாலும் நோட்டக் காமிப்பாரு. மொத வருஷம் எம் பொண்ணு டீம்ல இல்ல. கோவமா போய் கேட்டேன். நோட்டத் திருப்பிக் காமிச்சாரு, எட்டு முயற்சில ரெண்டு தான் பிடி, விட்ட ஆறுல மூணு அவசரப்பட்டு முன்னாடியே பாஞ்ச அட்வான்ஸ் டேக்கிள்னு வட்டம் போட்டிருந்துச்சு. "அக்கா, நீங்களே ஆடுனவங்க, நீங்களா இருந்தா எடுப்பீங்களா"ன்னாரு. எடுத்திருக்க மாட்டேன்.

ஆனா அதே நோட்டுல ஒரு ஓட்டை இருக்கு. 100 மார்க்குல 20 மார்க்கு அட்டெண்டன்ஸுக்கு. பிராக்டிஸ் அஞ்சு மணிலேந்து ஆறரை வரைக்கும். டவுன் புள்ளைங்க சைக்கிள்ல போயிடுதுங்க, கிராமத்துப் புள்ளைங்களுக்கு அஞ்சே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழே கால் தான், இருட்டுன அப்புறம் ரோட்டுலேந்து வீட்டுக்கு நடந்து போகணும், எந்த அப்பா அம்மா விடுவாங்க. பாதில கெளம்புனா ஆப்சென்ட்டுன்னு போட்டாரு. அப்படித்தான் எட்டாவது படிச்ச ஒரு பொண்ணு, டீமுலயே வேகமான ரைடர் அது, எல்லா மார்க்கும் டாப்பு, அட்டெண்டன்ஸ்ல அடிவாங்கி 13வது ஆயிடுச்சு. சார் கிட்ட சண்டையே போட்டேன். "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணு தானக்கா"ன்னாரு. ரூல் ஒண்ணு தான் சார், பஸ்ஸு ஒண்ணு இல்லையேன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு மாத்துனாரு, இப்ப அஞ்சரை வரைக்கும் இருந்தாலே முழு அட்டெண்டன்ஸ். ஆனா அந்தப் பொண்ணு இந்த சீசன் வரவே இல்ல, அவங்கம்மா "வயக்காட்டு வேலைக்கு ஆளில்ல"ன்னு சொல்லிட்டாங்க. அந்த ரூலு முன்னாடியே மாறிருந்தா வந்திருக்கும்னு தான் நான் நெனைக்கிறேன்.

இன்னொண்ணு, 18 பாயிண்ட் முன்னாடி இருக்கும்போதும் வெளிய உக்காந்திருக்குற அஞ்சு பேரையும் எறக்கமாட்டேங்குறாரு. சப் ஜூனியர்ல பாதிக்கு 15 நிமிஷம் தான், ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் புள்ளைங்க ஆடுனா என்ன போச்சு.

பாதுகாப்பு பத்தி கேக்குறவங்க பாதி பேரு கேக்க வர்றது ஆம்பள கோச்சு, பொம்பள புள்ளைங்க, பிடிச்சு தூக்கி ஆடுற ஆட்டம், எப்படின்னு. இதுல முழு மார்க்கு. தொட்டு சொல்லிக்குடுக்க வேண்டிய எல்லாத்தையும் சீனியர் பொண்ணுங்கள வெச்சு தான் காமிக்குறாரு, இல்ல பக்கத்துல பி.டி. டீச்சர் நிப்பாங்க. டீச்சர் லீவுன்னா அன்னைக்கு ஓட்டம், உருளுறது மட்டும் தான், பிடி கெடையாது. வெளியூருக்கு லேடி டீச்சரோ ஒரு அம்மாவோ இல்லாம வேன் கெளம்பாது, நானே ரெண்டு தடவை போயிருக்கேன். கம்மல், வளையல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழட்டி டப்பால போட்டுட்டு தான் உள்ள விடுவாரு, நகத்த அவரே செக் பண்ணுவாரு, பையில நெயில் கட்டர் வெச்சிருக்காரு.

போன டிசம்பர்ல ஒரு மேட்ச், செமி பைனல். நம்ம கார்னர் பொண்ணுக்கு பொட்டுல முட்டி பட்டுச்சு. எந்திரிச்சு நான் நல்லா இருக்கேன்னு நிக்குது. சார் போய் இன்னைக்கு என்ன கெழம, நாம எந்தப் பக்கம் ஆடுறோம்னு கேட்டாரு, கெழமைய தப்பா சொல்லுச்சு. அப்பவே வெளிய எடுத்துட்டாரு, புள்ள கெஞ்சுது, கூட்டம் கத்துது, மேட்ச் ரெண்டு பாயிண்ட்ல போச்சு. சாயங்காலம் அது வாந்தி எடுத்துச்சு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஒருநாள் வெச்சிருந்தாங்க, நல்லா ஆயிடுச்சு. டாக்டர் எழுதிக் குடுக்குற வரைக்கும் கோட்டுக்குள்ள விடல, மூணு வாரம். அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இவர விட்டுக்குடுத்துப் பேசமாட்டேன்.

அப்படிப்பட்ட மனுஷன் தான் வெயிட்டு விஷயத்துல இப்படிப் பண்ணுனாருங்குறது தான் எனக்கு இன்னும் ஆறல. சப் ஜூனியருக்கு 16 வயசுக்குள்ள, 55 கிலோவுக்குள்ள இருக்கணும். எம் பொண்ணு வியாழக்கெழம 56.8. சனிக்கெழம காலைல எடை பாக்குறாங்க. வியாழன் ராத்திரி பிரெண்டு வீட்டுல சாப்டேன்னுச்சு, வெள்ளிக்கெழம காலைல வயிறு சரியில்லன்னுச்சு. மத்தியானம் டீச்சர் போன், புள்ள மயங்கி விழுந்துடுச்சுன்னு. போய்ப் பாத்தா ஒதடு வெள்ளையா வெடிச்சிருக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வெயில்ல ஓடிருக்கு, வியாழன் சாயங்காலத்துலேந்து மூணு வாய் தண்ணி தான் குடிச்சிருக்கு. சார் சொன்னது தான். வீட்டுல சொல்லாதன்னு அவரு சொல்லல, ஆனா சொன்னா அம்மா விடமாட்டாங்கன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு.

கேட்டப்ப "வினேஷ் போகாட்டுக்கு 100 கிராம்ல ஒலிம்பிக் பைனல் போச்சேக்கா, வெயிட்டு அவ்ளோ முக்கியம்"ன்னாரு. சார், அது 29 வயசு பொம்பள, கூட டாக்டருங்க இருந்தாங்க, அப்படியும் தண்ணி சத்து போய் ஆஸ்பத்திரில படுத்துச்சு. இது 14 வயசு, வளர்ற ஒடம்பு, வயசுக்கு வந்து ஒரு வருஷம் தான் ஆகுது. இந்தப் புள்ளைக்கு எடை ஏறத்தான் செய்யும், ஏறணும். 55 தாண்டுனா ஜூனியர்ல ஆடட்டும், அங்க 65 வரைக்கும் இருக்கு, என்ன கொறஞ்சு போச்சு. அவரு தலை குனிஞ்சு நின்னாரு, ஆனா இனிமே செய்யமாட்டேன்னு வாய் தொறந்து சொல்லல.

அதனால நாங்க ஆறு அம்மாக்கள் சேந்து எழுதிக் குடுத்திருக்கோம். எடை மிஷின் டீச்சர் ரூம்ல இருக்கணும், டோர்னமெண்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடியே எடை பாத்து வீட்டுக்கு சொல்லணும், சாப்பாடு தண்ணி கொறைக்க சொல்லி எந்தப் புள்ளைகிட்டயும் நேரா பேசக்கூடாது. மிஷின் போன திங்கக்கெழம டீச்சர் ரூமுக்கு வந்துருச்சு. மத்த ரெண்டுக்கு ஹெச்.எம். கையெழுத்து இன்னும் வரல.

எம் பொண்ண நான் நிறுத்தல. அனுப்புறவங்க கேளுங்க, மாசம் 300 ரூபா, இல்லாதவங்ககிட்ட வாங்குறதில்ல. சேக்குற அன்னைக்கே சார் கிட்ட, புள்ளைக்கும் கேக்குற மாதிரி, எங்க புள்ளைக்கு வெயிட்டு கொறைக்க மாட்டோம்னு சொல்லிடுங்க. தண்ணி பாட்டில் ரெண்டா குடுத்து விடுங்க, திரும்பி வரும்போது காலியா இருக்கான்னு பாருங்க.