நெல் கொள்முதல் மென்பொருள்: முன்பணமும் தவணைகளும்

ஐயா, வணக்கம்.

மன்னார்குடி மில்லில் பேசியபடி, வேலையையும் பணத்தையும் எழுதி அனுப்புகிறேன். மொத்தக் கூலி 4,00,000 ரூபாய். பொங்கல் கழித்து சம்பா நெல் வரத்து தொடங்கும்போது மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றீர்கள். அதற்கு அக்டோபர் முதல் வாரமே உட்கார்ந்தாக வேண்டும்.

தொடங்கும் முன் 1,00,000 ரூபாய் முன்பணம் கேட்கிறேன். இந்த மூன்று நான்கு மாதத்துக்கு வேறு பெரிய வேலை எதையும் ஏற்க முடியாது, அதனால்தான். பணம் வந்த மறுநாள் வேலை தொடங்கும்.

முதல் கட்டம் எடைமேடையும் கொள்முதல் சீட்டும். வேலையில் கடினமான பகுதி இதுதான், நவம்பர் 15க்குள் தருகிறேன். டிராக்டர் மேடையில் ஏறியதும் எடை தானாகக் கணினிக்கு வர வேண்டும். காலி வண்டி எடையும் சாக்கு எடையும் கழிந்து, ஈரத்துக்கான கழிவும் போய், விவசாயி கையில் சீட்டு கிடைக்க வேண்டும். நான் பக்கத்தில் இல்லாமல் உங்கள் கணக்குப்பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சீட்டு போட்டுவிட்டால் இந்தக் கட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1,20,000 ரூபாய்.

இரண்டாம் கட்டம் குடோன் இருப்பு, அரவை, அரிசி, தவிடு விற்பனைக் கணக்கு. டிசம்பர் 20க்குள் முடியும், 1,00,000 ரூபாய். மீதி 80,000 ரூபாயை சம்பா கொள்முதலில் இரண்டு வாரம் தடங்கலின்றி ஓடிய பிறகு கொடுங்கள். கடைசித் தவணையை உங்கள் கையிலேயே வைத்திருப்பது நல்லதுதான், நெல் வண்டிகள் வரிசையில் நிற்கும்போதுதானே கோளாறு தெரியும்.

ஒவ்வொரு கட்டமும் முடிந்து ஏழு நாளில் பணம் வந்துவிட வேண்டும். தாமதமானால் அடுத்த கட்டமும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்து மின்சாரம் போனால் அந்த நாட்களை இருவரும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சர்வர் வாடகை, விவசாயிகளுக்குப் போகும் எஸ்எம்எஸ் செலவு இதில் சேராது, அவற்றை உங்கள் பெயரிலேயே வாங்கிவிடலாம். பேசாத புது வசதி எதுவும் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை சொல்லிவிட்டுத்தான் செய்வேன். டிடிஎஸ் பிடித்தால் சான்று கொடுத்துவிடுங்கள்.

இடையில் நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம். அதுவரை பணம் கொடுத்த கட்டங்களின் நிரல் முழுவதும் உங்களுக்கே. வேலை தொடங்கிய பின் நீங்கள் நிறுத்தினால் முன்பணம் திரும்பாது. முதல் கட்டத்தை நான் தராமல் விட்டால் முழுப் பணத்தையும் திருப்பிவிடுகிறேன்.

தவணைகளில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேசலாம். முன்பணத்தை மட்டும் குறைக்க இயலாது. சரி என்றால் 'சம்மதம்' என்று ஒரு வரி பதில் போதும். வங்கி விவரத்துடன் ரசீதும் அன்றே அனுப்புகிறேன்.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து