முத்து, டெல்ஃப்டுக்குப் போயிட்டு வாட்டி

ஏட்டி முத்து,

நாளைக்கு சாயங்காலம் ஆபீஸ்ல கேக் வெட்டி முடிச்சதும் "சாந்தி, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னு சார் கண்டிப்பா சொல்லுவாரு, எனக்கு நாலு பேரு முன்னால நின்னாலே தொண்டை அடைச்சிக்கிடும், அதனால சொல்ல வேண்டியத எல்லாம் இப்பமே டைப் பண்ணி அனுப்பிடுதேன், நாளைக்கு நான் சும்மா "நல்லா படி"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தேன்னா கோவப்படாத.

உனக்கு நெதர்லாந்துல, டெல்ஃப்ட்ல, தண்ணி படிப்புக்குன்னே இருக்க ஐஎச்இ-ல இடம் கெடச்ச மெயில் வந்தப்ப ஆபீஸ்ல எல்லாரும் ஒண்ணு சொன்னாங்க, "இனி யாரு தரை மட்டம் அளந்து லெவல் புக் எழுதுவா"ன்னு. சிரிப்புக்குத்தான் சொன்னாங்க ஆனா அது உண்மைதான். வேற யாரா இருந்தாலும் ரெண்டு சென்டிமீட்டர் எரர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்னு ஜீப்ல ஏறிருப்பாக, நீ மட்டும் "கணக்கு க்ளோஸ் ஆகலக்கா, திரும்ப பென்ச் மார்க்ல இருந்து வருவோம்"னு நிப்ப, மருதூர் கால்வாய் கரையில மதிய வெயில்ல அந்த அளவுகோல் ஸ்டாஃபைத் தூக்கிட்டு மறுபடி நடந்தோமே, அன்னைக்கி உன்னைய நான் மனசுக்குள்ள ஏசின ஏச்ச சொன்னா நீ என்கூட பேச மாட்ட. ஆனா அந்த லைன்லதான் மடைக்குக் கீழ தரை தாழ்ந்து கெடக்குன்னு தெரிஞ்சிது, நீ விட்டிருந்தா ட்ராயிங்ல தண்ணி மேட்டுல ஏறிப் போயிருக்கும்.

நீ எதுக்கு இந்தப் படிப்புக்குப் போறன்னு இங்கன பல பேருக்குத் தெரியாது, சம்பளம், ஃபாரின், கல்யாணத்தத் தள்ளிப் போட ஒரு சாக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக. எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம்தான். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சிதே, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஜனங்களோட மாட்டி நின்னுச்சே, நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே குளமாக் கெடந்துச்சே, அப்ப நீ வேலைக்குச் சேந்த புதுசு. தண்ணி வடிஞ்ச பொறவு ஒடஞ்ச குளத்துக் கரையெல்லாம் அளக்கப் போனோம்லா, ஒரு ஊர்ல கரை ஒடஞ்ச வாயில நின்னுக்கிட்டு ஒரு தாத்தா, தலையில துண்டு கட்டிருந்தாரு, கையில சேறு காஞ்சி அப்படியே ஒட்டிக் கெடந்துச்சி, உன்னையப் பாத்துக் கேட்டாரு, "தாயி, அளந்துட்டுப் போறீக, அடுத்த மழைக்கு இது நிக்குமா?" நம்ம எல்லாரும் "நிக்கும் தாத்தா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டோம், நீ மட்டும் பதிலே சொல்லல. ஃபீல்ட் புக்ல ரீடிங் எழுதுற கட்டத்துக்குப் பக்கத்துல பென்சில்ல அந்தக் கேள்விய எழுதி வச்சிருந்த, நான் பொறவு டேட்டா ஏத்தும்போது பாத்தேன். கேக்கல.

பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடின்னு பேப்பர்ல தெனமும் அணை மட்டம் போடுதத நம்ம ஊர்ல சின்னப்பிள்ளை கூடப் படிக்கும், ஆனா அன்னைக்கி மழை அணைக்குக் கீழயும் கொட்டுச்சே, அந்தத் தண்ணிய எந்த மட்டத்த வச்சிப் பிடிக்க? இதத்தான் நீ சாப்பாட்டு நேரத்துல கேட்டுக்கிட்டே இருப்ப, நாங்க சொதிய ஊத்திக்கிட்டு ஆமா ஆமான்னு தலையாட்டுவோம்.

நீ போற ஊரப் பத்தி நானும் கொஞ்சம் வாசிச்சேன். நாட்டுல கால்வாசிக்கு மேல கடல் மட்டத்துக்குக் கீழ இருக்காம்லா. 1953-ல ஒரே ராத்திரில கடல் உள்ள பூந்து 1,800 பேருக்கு மேல செத்துருக்காங்க, அதுக்குப் பொறவுதான் அந்தப் பெரிய பெரிய தடுப்பெல்லாம் கட்டிருக்காங்க. எனக்கு அத விட ஆச்சரியம், தண்ணிய கவனிக்கதுக்குன்னே தனியா 21 வாட்டர் போர்டு, அதுக்குத் தனியா ஓட்டு வேற போடுதாங்களாம்! நம்ம ஊர்ல மடை திறக்க ஆளு வரலன்னா யாருக்கு போன் பண்ணணும்னே தெரியாம விவசாயிங்க ஆபீஸ் ஆபீஸா அலையுதாக. நீ அங்கன போயி பெரிய தடுப்பப் பாத்து போட்டோ எடு வேண்டாங்கல, ஆனா எனக்கு அந்த போர்டு கூட்டம் எப்படி நடக்குன்னு ஒரு தடவ உக்காந்து பாத்துச் சொல்லு, யாரு வருவா, என்னத்துக்கு சண்ட போடுவாக, அதான் எனக்கு வேணும்.

இன்னொண்ணு சொல்லணும். "படிச்சி முடிச்சி இங்கனயே வந்து நம்ம குளத்தெல்லாம் சரி பண்ணணும் என்னம்மா"ன்னு ஆளாளுக்கு உன் தலையில ஏத்துதாக, சாரும் நாளைக்குச் சொல்லுவாரு பாரு. நீயும் பாவம் போல தலையாட்டுவ. ஏட்டி, தாமிரபரணில எட்டு அணைக்கட்டு இருக்கு, கன்னடியன் கால்வாய்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எத்தன தலைமுறை பாத்துக்கிட்டிருக்கு, அது மொத்தத்தையும் உன் ஒருத்தி பெட்டில மடிச்சி வைக்க முடியாது. அங்கன வேலை கெடச்சா பாரு, பங்களாதேஷுக்கோ வேற எங்கனயோ போகச் சொன்னா போ, வரணும்னு தோணுச்சின்னா வா. கடனா நெனச்சி வராத, பேங்க்ல வாங்கிருக்க கடனே போதும்.

ஆனா பாக்கணும்ட்டி. என்னைக்காச்சும் ஒரு நாளு நம்ம பாக்கணும், அது மட்டும் எனக்கு வேணும். நீ லீவுல வந்தாலும் சரி, வேற ஊர்ல கல்யாணம் காச்சில எதுலயாவது மோதிக்கிட்டாலும் சரி. எனக்கு ஆசை என்னன்னா பிசான நெல்லுக்குத் தண்ணி விட்ட நேரமா நீ வரணும், குறுக்குத்துறை முருகன் கோயில் படிக்கட்டுல உக்காந்து கால தண்ணில போட்டுக்கிட்டு நீ ஊர்ப் பேச்சு பேசணும், ஆத்துல வெள்ளம் வந்து உற்சவர மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னா டவுண்ல அல்வா வாங்கிட்டு நம்ம வீட்டு மொட்டமாடி. எத்தன வருசம் ஆனாலும் பரவாயில்ல, நான் இந்த ஆபீஸ்லதான் இருப்பேன், இல்லன்னா இந்த ஊர்ல இருப்பேன்.

பெட்டி விஷயம். உங்க அம்மை நெய் பாட்டில உள்ள வைப்பாக, பைய எடுத்து வெளிய வச்சிரு, ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுல இருந்து பால் சமாச்சாரம், கறி சமாச்சாரம் கொண்டு போக விட மாட்டாங்க. இட்லிப்பொடி, கருப்பட்டி, சுக்கு வச்சிக்க. குளிரு சட்டைய இங்கன வாங்காத, அங்கன மழையும் காத்துமா இருக்குமாம், அதுக்குத் தக்கன அங்கயே வாங்கு. சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு சொன்னியே, அத மட்டும் எப்படியாவது இந்த ரெண்டு நாள்ல நம்ம காலனி கிரவுண்ட்ல பழகிரு, எங்க பையன் சைக்கிள் தாரேன், விழுந்தாலும் இங்கன விழு.

போன் பண்ணணும்னா அங்கன சாயங்காலம் ஆகும்போது இங்கன ராத்திரி ஆயிரும், மூணரை மணி நேரம் வித்தியாசம், குளிர் காலத்துல நாலரை. நான் பதினோரு மணி வர முழிச்சிருப்பேன், அதுக்கு மேல மெசேஜ் போடு. அழணும்னு தோணுச்சின்னா நேரம் பாக்காத, எப்பன்னாலும் அடி.

வியாழக்கெழம ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிட நானும் உங்க அத்தானும் ஜங்ஷனுக்கு வாரோம். இட்லி நான் கட்டிக் கொண்டாரேன், நீ ஒண்ணும் வாங்காத, உன் கோச் நம்பர மட்டும் இப்பமே அனுப்பு.

சாந்தி அக்கா