பொருள்: பழைய இதழ்த் தொகுதிகளை ஸ்கேன் செய்யும் முன்மொழிவு – பிப்ரவரி 5 மடலின் தொடர்ச்சி

மதிப்பிற்குரிய நூலகச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நூலகத்தின் பழைய இதழ்த் தொகுதிகளை ஸ்கேன் செய்து மின்பிரதியாக்குவது குறித்து பிப்ரவரி 5 அன்று ஒரு முன்மொழிவு அனுப்பியிருந்தேன். இரண்டு வாரம் ஆகிறது. அது உங்கள் பார்வைக்கு வந்ததா என்று கேட்கவும், இடையில் நாங்கள் செய்து பார்த்த ஒரு சோதனையின் முடிவைச் சொல்லவும் இதை எழுதுகிறேன். நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது என்று நேரில் பார்த்தபோதே சொன்னீர்கள். அந்த வேலைக்கு நடுவில் இதற்கு நேரம் ஒதுக்குவது எளிதல்ல என்பது தெரியும்.

அந்த மடலோடு மாதிரிப் படங்களையும் சேர்த்திருந்ததால் இணைப்பு 18 எம்பி வரை போய்விட்டது. சில மின்னஞ்சல் சேவைகள் அவ்வளவு பெரிய கோப்பைத் தடுத்துவிடும். சில சமயம் அது அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. அதனால் இந்த முறை இரண்டு பக்கச் சுருக்கத்தை மட்டும் இணைத்திருக்கிறேன். முழு முன்மொழிவு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அச்செடுத்து நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

முன்மொழிவில் இருந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பைண்டு செய்த 60 தொகுதிகள், ஏறத்தாழ 12,000 பக்கங்கள். தைத்த நூலையும் அட்டையையும் பிரிக்காமல், ஒவ்வொரு பக்கத்தையும் 400 டிபிஐ அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்வோம். பாதுகாத்து வைக்க டிஃப் கோப்பு, வாசகர்கள் படிக்க பிடிஎஃப். மொத்தம் ஆறு வாரம். தொகையிலும் காலத்திலும் எந்த மாற்றமும் இல்லை.

அன்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது, தொகுதிகளை எங்கள் இடத்துக்கு எடுத்துச் செல்வோம் என்று நான் சொன்னதும் நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். முடிவு தாமதமாவதற்கு அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தயக்கம் முற்றிலும் நியாயமானது. இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்றே தெரியாத இதழ்களை வண்டியில் ஏற்றி அனுப்ப எந்த நூலகருக்கும் மனசு வராது. எனவே குழுவில் பேசி ஒரு மாற்று வழி வைத்திருக்கிறோம்: ஸ்கேனரை நாங்களே உங்கள் நூலகத்துக்குக் கொண்டுவருகிறோம், ஒரு தொகுதியும் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. பூட்டக்கூடிய ஓர் அறை, அசையாத ஒரு மேசை, இரண்டு பிளக் பாயிண்ட் இருந்தால் போதும். ஜன்னலுக்குத் திரை அவசியம். வெயில் ஏறி இறங்கும்போது பக்கத்தின் நிறமும் படத்துக்குப் படம் மாறிவிடும். காலையில் உங்கள் ஊழியர் தொகுதியை எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதற்குக் கூடுதல் தொகை எதுவும் இல்லை.

இனி சோதனை. அன்று உங்கள் அனுமதியோடு ஒரு தொகுதியிலிருந்து சில பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டோம் அல்லவா? அவற்றை எழுத்துணரி மென்பொருளில் கொடுத்துப் பார்த்தோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய பக்கங்கள் ஓரளவு நன்றாகவே வந்தன. அதற்கு முந்தைய பக்கங்களில்தான் சிக்கல். பழைய வடிவில் அச்சான ணை, லை, ளை, னை, றா போன்ற எழுத்துகளை மென்பொருள் அடிக்கடி வேறு எழுத்தாகப் படிக்கிறது. மை ஊறி மறுபக்கத்து எழுத்தும் தெரிகிற இடங்களில் வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கிறது. ஆகவே, பழைய தொகுதிகள் முழுவதையும் சொல் தேடும் வசதியோடு தருவதாக இப்போது உறுதி சொல்ல மாட்டேன். அவற்றுக்குப் படப் பிரதியும், கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கொண்ட அட்டவணையும் தருகிறோம். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தேடி வருவது அதைத்தான் என்று நீங்களே சொன்னீர்கள். ஸ்கேன் தரமாக இருந்துவிட்டால் எழுத்துணர்தலை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதற்காகத் தொகுதியை மறுபடி திறக்க வேண்டியதில்லை.

சேமிப்பு பற்றி உங்கள் பொருளாளர் கேட்ட கேள்விக்கும் இப்போது கணக்குப் போட்டுவிட்டேன். ஏ4 அளவுப் பக்கம் ஒன்று, சுருக்காத வண்ண டிஃப் கோப்பாக, சுமார் 46 எம்பி வரும். 12,000 பக்கத்துக்கு 550 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். ஆனால் ஒன்று போதாது, இரண்டு வாங்கி இரண்டையும் வேறு வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒரே அலமாரியில் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பது மாதிரிதான்! கோப்புகள் உங்கள் நூலகத்துக்கே சொந்தம். நீங்கள் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் எங்களிடம் உள்ளதை அழித்துவிடுவோம். இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் தனி முடிவு. பதிப்புரிமை பார்த்து நீங்கள்தான் எடுக்க வேண்டும், இந்த ஒப்பந்தத்தில் அது வராது.

மொத்தத்துக்கும் இப்போது முடிவெடுக்க முடியாது என்றால், மோசமான நிலையில் இருக்கும் பத்துத் தொகுதிகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மேல் அலமாரியில், ஓரம் பழுப்பேறி, புரட்டும்போதே மூலை உதிர்ந்த அந்த வரிசையைத்தான் சொல்கிறேன். மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் அமிலம் அதை உள்ளேயிருந்தே அரிக்கும், அலமாரியில் சும்மா இருந்தாலும் நிற்காது. உங்களை அவசரப்படுத்த இதைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் தள்ளினால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அதுவரை அந்த வரிசையை வாசகர்களுக்கு ஒளிநகல் எடுக்கக் கொடுக்காமல் இருந்தால் நல்லது. கண்ணாடி மேல் கவிழ்த்து அழுத்தும்போதுதான் முதுகு முறிகிறது.

பதில் நீளமாக எழுத வேண்டாம். "குழுவில் இன்னும் வைக்கவில்லை", "பேசிக்கொண்டிருக்கிறோம்", "இந்த ஆண்டு வேண்டாம்" என்று ஒரு வரி போதும். வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டோம். எங்கள் வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள உதவும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாக இருந்தால், தேதியைச் சொல்லுங்கள். உறுப்பினர்கள் கேட்பதற்கு நேரில் பதில் சொல்ல நானே வருகிறேன், மாதிரிப் பக்கங்களின் அச்சுப் பிரதியும் கொண்டுவருவேன். ஃபோனில் பேசுவது வசதி என்றால் எந்த வேலைநாளிலும் மாலை 4 மணிக்கு மேல் கூப்பிடலாம். முன்பு நான் கொடுத்த அதே எண்தான்.

மார்ச் முதல் வாரம் வரை நான் மறுபடி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். அப்புறம் ஒருமுறை மட்டும் அழைத்துக் கேட்கிறேன்.

இன்னொன்று. அன்று தொகுதிகளை இறக்கிக் காட்டிய உங்கள் உதவி நூலகருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். அவர் கையால் எழுதி வைத்திருக்கும் இதழ்ப் பட்டியல் இல்லையென்றால் எங்கள் பக்கக் கணக்கே சரியாக வந்திருக்காது. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்தப் பட்டியலை மட்டும் தட்டச்சு செய்து உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். பாதி ஏற்கனவே முடிந்துவிட்டது.

அன்புடன்,
மின்னாக்கக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்
பிப்ரவரி 19

இணைப்பு: முன்மொழிவுச் சுருக்கம், 2 பக்கம் (பிடிஎஃப்)